‘பலமு’ என்றால் சம்மதம் அல்ல

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த நமது தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, பட்டாசுச் சத்தம் அடங்குவதற்கு முன்பே சம்பளத் துண்டை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். பள்ளிக்கூடத்தில் எங்களிடம் படித்தவள். இரண்டு வருடமாகக் கொழும்புப் பக்கம் ரப்பர் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை 6 முதல் பகல் 2, பகல் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6 என்று மூன்று ஷிப்ட். துண்டில் செப்டெம்பர் மாதத்துக்கு ஒரு நாள் சம்பளம் வெட்டியிருந்தார்கள். முழு மாதமும் ஒழுங்காக வந்தவர்களுக்குக் கொடுக்கும் வரவுக் கொடுப்பனவும் இல்லை. “நான் லீவே எடுக்கல்ல சேர். சினேகிதியோட ஷிப்ட் மாத்தினேன். சுப்பர்வைசருக்கு மெசேஜும் போட்டேன்” என்றாள்.

போனை வாங்கிப் பார்த்தோம். இந்தக் கட்டுரை அந்த மெசேஜைப் பற்றியது. அது அவளுடைய பிழை மட்டும் அல்ல. அதை எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்.

மெசேஜ் சிங்களத்தில் இருந்தது, ஆங்கில எழுத்தில் காதால் கேட்டபடி எழுதியது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: “சேர், கோவிக்க வேணாம். அம்மாவுக்குச் சுகமில்லை. நாளைக்கு நைட் வர ஏலாது. கூட்டாளி வருவா. இந்த ஒரு தடவை மட்டும் பாருங்க சேர், புண்ணியம் கிடைக்கும்.” அனுப்பிய நேரம் செப்டெம்பர் 16, நள்ளிரவு தாண்டி 12.40. இரவு வேலையின் இடைவேளையில், கழிவறை வாசலில் நின்று எழுதியிருக்கிறாள். காலை ஏழு மணிக்குப் பதில் வந்திருந்தது. ஒரே ஒரு சொல்: “பலமு.”

பலமு என்றால் பார்ப்போம். நமது துரைமாரிடம் நமது தாத்தா காலத்திலிருந்து நாம் கேட்டுப் பழகிய பதில் அது. கூரைத் தகரம் ஒழுகுகிறது என்றால் பார்ப்போம். தண்ணிப் பீலி உடைந்துவிட்டது என்றால் பார்ப்போம். அந்தச் சொல் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. பிள்ளை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். 16ஆம் திகதி செவ்வாய்க்கிழமை பகல் 2 மணிக்குச் சினேகிதியின் ஷிப்ட்டுக்கு இவள் போனாள். இரவு 10 மணிக்கு இவளுடைய ஷிப்ட்டுக்குச் சினேகிதி போனாள். இரண்டு பேரும் எட்டு எட்டு மணித்தியாலம் உழைத்தார்கள். தொழிற்சாலைக்கு ஒரு கையுறைகூடக் குறையவில்லை.

ஆனால் ரோஸ்டரை யாரும் மாற்றவில்லை. செவ்வாய் இரவு இவளுடைய பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று விழுந்தது. சினேகிதிக்கு, இரவு முழுக்க நின்ற வேலைக்குப் பகல் கணக்கில் சம்பளம் விழுந்தது. கேட்கப் போனபோது சுப்பர்வைசர் சொன்ன பதில்கள் மூன்று. ஒன்று, “நான் சரி என்று சொல்லவே இல்லையே, பலமு என்றுதானே போட்டேன்.” இரண்டு, “நீ செவ்வாய்க்கிழமை மெசேஜ் போட்டு நாளைக்கு என்றால் புதன்கிழமைதானே.” மூன்று, “அம்மாவுக்குச் சுகமில்லை என்றாயே, ஆஸ்பத்திரித் துண்டு எங்கே?”

மூன்றுக்கும் அவளிடம் பதில் இல்லை. அம்மா நல்ல சுகமாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

ஏன் பொய் சொன்னாய்?

அதட்டாமல்தான் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: “ஏலாம இருந்திச்சு சேர். நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். அதைச் சொன்னா யார் லீவு தருவாங்க?”

கலண்டரை எடுத்து இரண்டு பேருமாக எண்ணினோம். செப்டெம்பர் 1 முதல் 6 வரை ஆறு இரவு. ஞாயிறு ஓய்வு. 8 முதல் 13 வரை இன்னும் ஆறு இரவு. மறுபடி ஞாயிறு. 15ஆம் திகதி திங்கள் இரவு ஒன்று. மொத்தம் 13. அவள் கெஞ்சி மாற்றிக்கொண்டது 14ஆவது இரவு.

இலங்கையில் ஒரு சட்டம் இருக்கிறது. பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகளைத் தொழிலுக்கமர்த்தல் சட்டம், 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கம். 1984இல் அதைத் திருத்தி, தொழிற்சாலைகளில் பெண்களை இரவு வேலைக்கு வைக்கலாம் என்று முதலாளிமாருக்கு வழி திறந்துவிட்டார்கள். திறந்தபோது சில நிபந்தனைகளும் போட்டார்கள். விருப்பமில்லாத பெண்ணை இரவு வேலைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. இரவு 10 மணிக்குப் பிறகு பெண்களை வைக்க முதலாளி தொழில் ஆணையாளரிடம் முன்கூட்டி எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும். காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில் வேலை செய்த பெண்ணை அன்றைக்கே இரவு 10க்குப் பிறகு வைத்திருக்கக் கூடாது. இரவு வேலைக்குச் சாதாரணச் சம்பளத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஒரு பெண்ணுக்கு 10 நாளுக்கு மேல் இரவு வேலை கிடையாது.

இப்போது அந்த மெசேஜை மறுபடி படியுங்கள். 10 இரவு முடிந்தது செப்டெம்பர் 11ஆம் திகதி. அதற்குப் பிறகு அவளை நிற்க வைத்த 12, 13, 15 ஆகிய மூன்று இரவும் சட்டத்துக்குப் புறம்பானவை. குற்றம் தொழிற்சாலைப் பக்கம். ஆனால் கோவிக்க வேண்டாம் என்று கெஞ்சியவள் நமது பிள்ளை. நல்ல சுகமாக இருந்த தாயை நோயாளி ஆக்கியவள் நமது பிள்ளை. சம்பளம் வெட்டுப்பட்டவளும் நமது பிள்ளைதான்.

இரண்டு மெசேஜ், ஒன்றல்ல

எங்கள் பிழை இங்கேதான் தொடங்குகிறது. ஆறாம் ஆண்டு வகுப்பில் விடுமுறைக் கடிதம் எழுதப் பழக்குகிறோம். மதிப்புக்குரிய ஐயா, காய்ச்சல் காரணமாக, பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்துகிறோம். கேட்பது எது, கேட்க வேண்டியதே இல்லாதது எது என்று ஒரு பாடம் நடத்தியதில்லை. ஆகவே நமது பிள்ளைகள் வேலைத்தலத்துக்குப் போன பிறகும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கடிதத்தைத்தான் எழுதுகிறார்கள்.

ஷிப்ட் மாற்றுவதில் இரண்டு வகை உண்டு. அக்கா கலியாணம், கோயில் திருவிழா, ஊருக்கு வரும் பஸ் நேரம் என்று நமது வசதிக்காக மாற்றுவது முதல் வகை. அதற்குச் சுப்பர்வைசரின் சம்மதம் வேண்டும். அவர் மறுக்கலாம். இத்தனை மெஷினுக்கு இத்தனை கை என்று பார்க்க வேண்டியவர் அவர். மாற்றாக வருகிறவளுக்கு அந்த மெஷின் பழக்கமில்லை என்றால் அவர் மறுப்பதில் நியாயமும் உண்டு. பத்து இரவு முடிந்துவிட்டது, அல்லது பகல் 2 மணிக்கு வந்தவளை இரவு 10க்கு மேலும் நிற்கச் சொல்கிறார்கள் என்பது இரண்டாம் வகை. அங்கே சுப்பர்வைசரின் சம்மதத்துக்கு இடமே இல்லை. அங்கே நாம் கேட்பதில்லை, அறிவிக்கிறோம். இரண்டாவதை முதலாவதைப் போல எழுதினால், நம்மிடம் இருக்கும் உரிமையை நாமே சலுகையாக்கி அவர் கையில் கொடுக்கிறோம். சலுகையை அவர் மறுக்கவும் மறுக்கலாம். அது அவருக்கும் தெரியும்.

முதல் வகைக்கு இப்படி எழுதினால் போதும்:

“செப்டெம்பர் 16 செவ்வாய் இரவு 10 முதல் 17 புதன் காலை 6 வரை உள்ள எனது ஷிப்ட்டை, அதே மெஷினில் பழக்கமுள்ள (பெயர், ஊழியர் இலக்கம்) செய்வார். 16 செவ்வாய் பகல் 2 முதல் இரவு 10 வரை உள்ள அவருடைய ஷிப்ட்டை நான் செய்வேன். இருவருக்கும் சம்மதம். அவருக்கு இந்த மாதம் இதுவரை 4 இரவு ஆகியுள்ளது. ரோஸ்டரில் இரண்டு பெயரையும் மாற்றிவிட்டு, 16 செவ்வாய் பகல் 12 மணிக்கு முன் பதில் தரவும். பதில் வராவிட்டால் இருவரும் பழைய ரோஸ்டர்படியே வேலைக்கு வருவோம்.”

இதில் காரணம் இல்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டால் சொல்லலாம், உண்மையைச் சொல்லலாம். கேட்காத இடத்தில் பொய்க் காரணம் எழுதினால் நாளைக்கு அதுவே நமக்கு எதிரான சாட்சி. ‘நாளைக்கு’ என்ற சொல்லும் இல்லை. இரவு ஷிப்ட் ஒரு திகதியில் தொடங்கி இன்னொரு திகதியில் முடிகிறது. நள்ளிரவு தாண்டிய பிறகு, தூங்காதவளுக்கு நாளை என்பது ஒரு நாள், தூங்கி எழுந்தவனுக்கு இன்னொரு நாள். அதனால் இரண்டு திகதியையும் கிழமையோடு எழுத வேண்டும். கடைசி வரிதான் மிக முக்கியம். அந்த வரி இருந்தால் ‘பலமு’ என்ற பதிலுக்கு ஒரே அர்த்தம்தான்: மாற்றம் இல்லை. ரோஸ்டர் மாறாமல் சினேகிதியை நம்பி இடம் மாறாதீர்கள். உங்கள் பெயரில் அவள் நிற்கும்போது மெஷினில் கை மாட்டினால், அந்த நேரத்தில் அவள் வேலையில்தான் இருந்தாள் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டி வரும். நட்டஈட்டுப் பேச்சு அதற்குப் பிறகுதான்.

இரண்டாம் வகைக்கு இப்படி:

“செப்டெம்பர் 1 முதல் 6 வரையும் 8 முதல் 11 வரையும் 10 இரவு வேலை செய்து முடிக்கிறேன். 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டப்படி ஒரு மாதத்தில் 10 நாளுக்கு மேல் பெண்ணை இரவு வேலையில் வைக்க முடியாது. ஆகவே 12ஆம் திகதியிலிருந்து இந்த மாதம் முழுவதும் எனது பெயரைப் பகல் ஷிப்ட்டில் போடவும். பகல் ஷிப்ட்டில் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்.”

தயவுசெய்து இல்லை. கோபமும் இல்லை. கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் வேலை செய்ய மறுத்தாள் என்று கதை கட்டுவார்கள். இதைப் பத்தாவது இரவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அனுப்புங்கள். அதற்கு நாம் எண்ண வேண்டும். கலண்டரில் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு கோடு போட்டு வந்தால், மாதக் கடைசியில் சம்பளத் துண்டில் ஒன்றரை மடங்கு எத்தனை இரவுக்கு விழுந்திருக்கிறது என்றும் ஒப்பிடலாம்.

இரண்டையும் எழுத்தில் அனுப்புங்கள், குரல் பதிவில் வேண்டாம். கோப்பில் வைக்கவோ தொழில் அலுவலகத்தில் மேசையில் வைக்கவோ குரலை அச்செடுக்க முடியாது. அனுப்பியதையும் பதிலையும் படமெடுத்து அன்றைக்கே வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். சுப்பர்வைசருக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் சிங்களம் எழுதத் தெரிந்த வேலைத் தோழியைக் கொண்டு எழுதுங்கள். காதால் கேட்ட சிங்களத்தை ஆங்கில எழுத்தில் எழுதினால், எழுதியவளுக்கு ஒரு அர்த்தம், வாசிப்பவனுக்கு வேறு அர்த்தம்.

“சங்கம் ஒரு கோல் எடுத்தால் முடிந்ததே”

இப்படிச் சொல்கிறவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். பெற்றோர் வந்து அழுவார்கள். நாங்களும் போனை எடுத்து, “நம்ம பிள்ளைதான் சேர், கொஞ்சம் பாருங்க” என்று பேசுவோம். அந்த ஒரு இரவு தப்பும். பெற்றோர் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் அதே பிள்ளைக்கு மறுபடி 13 இரவு. பக்கத்து மெஷினில் நிற்கும், நமக்குத் தெரியாத பிள்ளைக்கு 15 இரவு. பிச்சையைப் பிள்ளைக்குப் பதிலாகச் சங்கம் எடுத்தால் அது உரிமை ஆகிவிடாது. இதை நாங்கள் செய்திருக்கிறோம். அது பிழை என்று இங்கேயே எழுதுகிறோம்.

“இப்படிச் சட்டம் பேசினால் வேலை போய்விடும்” என்பது அடுத்த பேச்சு. இந்தப் பயத்தை நாங்கள் ஏளனம் செய்ய மாட்டோம். போடிங் வாடகையும் வீட்டுக்கு அனுப்பும் காசும் அந்தச் சம்பளத்தில்தான். தனியாக ஒருத்தி எழுதினால் அவளை வெப்பம் கூடின இடத்துக்கு மாற்றலாம், மேலதிக வேலை கொடுக்காமல் விடலாம். அதனால்தான் இரண்டாம் மெசேஜைத் தனியாக எழுத வேண்டாம் என்கிறோம். ஒரே அறையில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் இரவுகளை எண்ணுங்கள். பத்து முடிந்த அத்தனை பேரும் ஒரே நாளில் அதே மெசேஜை அனுப்புங்கள். வேலையில் சேரும்போது எந்த ஷிப்ட்டும் செய்வேன் என்று கையெழுத்து வாங்கினார்களே என்று பயமுறுத்துவார்கள். பத்து என்பது சட்டம் போட்ட எல்லை. நமது கையெழுத்தால் அது பதினொன்று ஆகாது. தொடர்ந்தும் இரவு போட்டால், ரோஸ்டரின் படத்தையும் மெசேஜையும் வைத்து அந்தப் பகுதித் தொழில் அலுவலகத்தில் எழுத்து முறைப்பாடு கொடுக்கலாம். அதைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். எங்களிடம் வந்தால் எழுதித் தருகிறோம்.

அந்தப் பிள்ளையின் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். அவளும் சினேகிதியும் சேர்ந்து கணக்குப் பிரிவுக்கு எழுதினார்கள். விரல் அடையாள மெஷினில் செவ்வாய் பகல் 2 மணிக்கு இவள் வந்ததும், இரவு 10 மணிக்குச் சினேகிதி வந்ததும் பதிவாகியிருந்தன. அந்தப் பதிவைப் பார்க்கச் சொன்னார்கள். வெட்டிய நாள் சம்பளம் அடுத்த மாதம் திரும்பியது. சினேகிதிக்கு ஒன்றரை மடங்கின் மீதி விழுந்தது. வரவுக் கொடுப்பனவு திரும்பவில்லை. தொழில் அலுவலகத்துக்குப் போகலாம் என்றோம். பெயர் வெளியே வரும் என்று அவள் பயந்தாள், நாங்கள் வற்புறுத்தவில்லை. சுப்பர்வைசர் இப்போது அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். ஆனால் நவம்பர் ரோஸ்டரில் அவளுக்கு 10 இரவு. பதினொன்று இல்லை.

நமது ஸ்டோரில் என்ன நடக்கிறது?

கொழும்புக்குப் போன பிள்ளைகளின் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பகலில் நிறுத்த கொழுந்து இரவு முழுக்க மாடியில் வாடுகிறது, விடியுமுன் ரோலருக்கு இறங்குகிறது. ஆள் குறைந்த ஸ்டோர்களில் அந்த வேலைக்குப் பெண்களையும் கூப்பிடுகிறார்கள். தேயிலைத் தொழிற்சாலையும் தொழிற்சாலைதான். மேலே சொன்ன நிபந்தனைகள் அத்தனையும் அங்கேயும் உண்டு.

ஆனால் அங்கே மெசேஜே கிடையாது. பிரட்டில் வைத்து, “இண்டைக்கு ராவைக்கு நீ ஸ்டோருக்கு வா” என்று வாயால் ஒரு சொல். பகல் முழுக்க மலையில் கொழுந்து எடுத்தவளை அன்றைக்கு இரவு பத்துக்குப் பிறகு ஸ்டோரில் நிற்க வைப்பது சட்டத்துக்கு நேர் எதிர். அதை யாரும் எழுதி வைக்காததால் அது நடக்காதது போலவே கணக்கு முடிகிறது. எந்த இரவு யார் நின்றார் என்று தோட்டத்தில் கேட்டால் செக்ரோலைப் பார் என்பார்கள். செக்ரோலில் ஒரு பேர் இருக்கும், நேரம் இருக்காது.

ஆகவே தோட்டக் கமிட்டிகளிடம் நாங்கள் கேட்பது இதுதான். ஸ்டோர் இரவு வேலைக்கு வாரத்துக்கு முன்பே பெயர்ப் பட்டியல் எழுதி, ஸ்டோர் வாசலிலும் பிரட்டுக்களத்திலும் தமிழில் ஒட்ட வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பட்டியலில் பெயருக்கு நேரே அந்த மாதம் அதுவரை முடிந்த இரவுகளின் எண்ணிக்கை இருக்க வேண்டும். வாய்ச்சொல்லுக்கு ஸ்டோருக்குப் போகிறவர்கள், போகும் முன் டீமேக்கருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: “இன்ன திகதி இரவு இத்தனை மணி முதல் வரச் சொன்னீர்கள். நான் இன்று பகல் மலையில் வேலை செய்தேன்.”

அதற்கு என்ன பதில் வருகிறது என்று பார்ப்போம். ‘பார்ப்போம்’ என்றே பதில் வந்தால், அதையும் படமெடுத்து வையுங்கள்.